ரிப்பேரில் விழுந்த மெஷின்: மூடிய மாதத்துக் கணக்கைத் திருத்துவது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஜூலை 1-ஆம் தேதி அங்கே புதிதாக ஒரு ஸ்க்ரூ ஏர் கம்ப்ரசர் வந்து இறங்குகிறது. விலை 3,40,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 61,200. பழைய கம்ப்ரசரை ஆண்டுக்கணக்காகச் சர்வீஸ் செய்துவரும் டீலரிடமே வாங்கியது. மாதம் தவறாமல் வரும் சர்வீஸ் பில், ஆயில் ஃபில்டர் பில் எல்லாம் அதே டீலர் பெயரில்தான் வரும். ஆகவே இந்தப் பில்லும் அதே கட்டில் சேர்ந்து, அதே 'மெஷினரி ரிப்பேர்' லெட்ஜரில் பதிவாகிவிட்டது. ஆகஸ்ட் 10-க்குள் ஜூலை மாதக் கணக்கு முடிந்தது. லாப நட்ட அறிக்கை இயக்குநர்களுக்கும் வங்கிக்கும் போனது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலானது. செப்டம்பரில் தீ விபத்துக் காப்பீட்டைப் புதுப்பிக்க மெஷின் பட்டியல் கேட்டபோதுதான், தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் சொத்துப் பதிவேட்டில் இல்லை என்பது தெரிந்தது.

பதிவைத் திருத்துவது இரண்டு வரி வேலைதான். ஆனால் அந்தப் பில் இரண்டு மாதங்களில் எந்தெந்தக் காகிதத்துக்கெல்லாம் போய்விட்டது என்று தேடிப் போகாமல் அந்த இரண்டு வரியை மட்டும் எழுதினால் தவறு பாதிதான் திருந்தும். மீதிப் பாதி வேறு இடத்தில், வேறு அதிகாரியின் மேசையில், வட்டியோடு எழுந்து வரும்.

முதலில், இது தவறுதானா என்று முடிவு செய்ய வேண்டும். ரிப்பேர் லெட்ஜரில் பெரிய தொகை இருப்பதாலேயே அது சொத்தாகிவிடாது. இருக்கும் கம்ப்ரசரின் மோட்டாருக்குக் காயில் கட்டினால் 40,000 ஆகலாம், அது ரிப்பேர். பேரிங் மாற்றினாலும் ரிப்பேர். ஒன்றை முன்பிருந்த வேலைத் திறனுக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவு அந்தந்தக் காலத்து லாபத்தில் கழியும். கணக்கியல் நியமம் 10 கேட்பது வேறு: இந்தச் செலவால் வருங்காலத்தில் நிறுவனத்துக்குப் பயன் வருமா, அதன் விலையை நம்பகமாக அளக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது சொத்து. முக்கியமான பாகம் ஒன்றை முழுதாக மாற்றும்போதும் இந்தக் கேள்வி எழும். அப்படி மாற்றிய பாகத்தைச் சொத்தில் ஏற்றினால், கழற்றிய பழைய பாகத்தின் மிச்ச மதிப்பைச் சொத்திலிருந்து இறக்கியாக வேண்டும். பலரும் இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

வருமான வரியில் இதே கேள்விக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியமான பதில், ஒரு நூற்பாலை வழக்கில் வந்தது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-இல் வந்த தீர்ப்பு அது. பழைய ரிங் ஃப்ரேமை எடுத்துவிட்டுப் புதிதை வைத்த செலவை, நடப்புப் பழுதுபார்ப்பு என்று ஆலை கழித்துக் காட்டியது. ஆலை முழுவதும் ஒரே இயந்திரத் தொகுப்பு, ரிங் ஃப்ரேம் அதில் ஒரு பாகம், ஆகவே அதை மாற்றுவது தொகுப்பைப் பழுதுபார்ப்பதே என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நூற்பாலையில் ஒவ்வொரு இயந்திரமும் தனக்கென ஒரு வேலையைச் செய்யும் தனிச் சொத்து; ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது பழுதுபார்ப்பாகாது என்றது. 2009-இல் ஸ்ரீ மங்கையர்க்கரசி மில்ஸ் வழக்கிலும் அதே வழியில்தான் தீர்ப்பு வந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவை ஒட்டிய தீர்ப்புகள் இவை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், மூலதனச் செலவை ரிப்பேராகக் கழிக்க முடியாது என்ற அடிப்படை மாறவில்லை.

நம் கம்ப்ரசருக்கு இதை வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. அது தனியாக நிற்கும் இயந்திரம். பழையது மாற்றுக்காக இன்னும் அங்கேயே இருக்கிறது. காகிதமும் அதையே சொல்கிறது. பில்லில் 8414 என்று எச்எஸ்என் எண் இருக்கிறது. அது காற்றழுத்தப் பொறிகளுக்கான எண். ரிப்பேர் சேவைக்கான பில் என்றால் 9987 என்று தொடங்கும் சேவை எண் இருந்திருக்கும். சீரியல் நம்பர் இருக்கிறது. உத்தரவாத அட்டை இருக்கிறது. இ-வே பில் இருக்கிறது. ரிப்பேர் லெட்ஜரைத் திறந்து, பொருளுக்கான எச்எஸ்என் எண்ணும் சீரியல் நம்பரும் உள்ள பில்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலே இப்படித் தவறி விழுந்தவை பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மாதாமாதம் 45,000 ஆகும் லெட்ஜர் ஜூலையில் 3,85,000 என்று காட்டியதே ஒரு எச்சரிக்கை மணி. மாத அறிக்கையில் முந்தைய மாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்திருந்தால் ஆகஸ்ட் 10-க்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

அந்த ஒரு பில்லோடு தவறு நிற்பதும் இல்லை. கம்ப்ரசரை லாரியிலிருந்து இறக்கிய கிரேனுக்கு 5,000 ரூபாய் 'ஏற்று இறக்குக் கூலி'யில் போயிருக்கிறது. அதற்கென இழுத்த கேபிளும் ஸ்டார்ட்டர் பேனலும் 15,000 ரூபாய். அது 'எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு' லெட்ஜரில் இருக்கிறது, ஜிஎஸ்டி 2,700. இயந்திரத்தை அது ஓட வேண்டிய இடத்தில், ஓடும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவெல்லாம் அதன் விலையோடு சேரும். ஆகவே சொத்தின் உண்மையான மதிப்பு 3,40,000 அல்ல, 3,60,000. பெரிய பில்லை மட்டும் எடுத்து மாற்றிவிட்டுக் கிரேனையும் கேபிளையும் அப்படியே விட்டுவிடுவது இந்தத் திருத்தத்தில் அடிக்கடி நடக்கும் இரண்டாவது தவறு. பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பில்லில் கழித்துக்கொண்ட தொகை தள்ளுபடி ஆகாது, பழைய சொத்தை விற்ற விலை. அதைத் தனியே காட்டி, அந்த விற்பனைக்குரிய ஜிஎஸ்டியையும் கட்ட வேண்டும்.

அடுத்து, எந்தத் தேதியில் திருத்துவது? முதலாளி கேட்பார்: "ஏனுங்க தம்பி, ஜூலை வவுச்சரைத் திறந்து லெட்ஜர் பேரை மாத்திப் போட்டுட்டாப் போச்சில்ல?" டாலியில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அப்படி மாற்றிய நொடியிலிருந்து நிறுவனத்திடம் இரண்டு ஜூலைகள் இருக்கும். வங்கியின் கோப்பில் உள்ள ஜூலை லாபம் ஒன்று. இன்று கணினியில் அச்செடுத்தால் வரும் ஜூலை லாபம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு காகிதமும் இராது. வங்கி மேலாளர் அடுத்த ஆண்டு கடன் புதுப்பிப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதில் சொல்ல வேண்டிய அக்கவுண்டன்ட் அப்போது அங்கே வேலையில் இருப்பார் என்ற உறுதியும் இல்லை.

சட்டமும் இதில் நுழைந்திருக்கிறது. கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும், நிறுத்தி வைக்க முடியாத திருத்தத் தடம் உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். அந்த வசதி ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் கை வைக்கப்பட்டதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பழைய வவுச்சரை மாற்றுவது தடைசெய்யப்பட்ட செயல் அல்ல. ஆனால் மூடிய மாதத்தின் லாபத்தை மூன்றரை லட்சம் நகர்த்திய மாற்றம், காரணம் எழுதப்படாமல் தடத்தில் நிற்கும். ஜர்னல் பதிவென்றால் காரணத்தைத் தன் விளக்கக் குறிப்பிலேயே சுமந்துகொண்டு நிற்கும். ஆகவே மாதக் கணக்கு இன்னும் வெளியே போகாதபோது, உதாரணமாக ஆகஸ்ட் 5-ஆம் தேதியே தெரிந்திருந்தால், ஜூலையிலேயே திருத்துவது சரி. அறிக்கை கை மாறிய பிறகு, திருத்தம் கண்டுபிடித்த மாதத்தில் வரவேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மாதம் மூடியதும் அந்தத் தேதிக்கு முன்னே பதிவிடும் உரிமையை மென்பொருளின் பாதுகாப்பு அமைப்பிலேயே பூட்டிவிட்டால், இந்த விவாதத்துக்கே இடமிருக்காது.

செப்டம்பரில் போட வேண்டிய பதிவு இது:

இயந்திரங்கள் – ஏர் கம்ப்ரசர் – பற்று 3,60,000
மெஷினரி ரிப்பேர் – வரவு 3,40,000
எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு – வரவு 15,000
ஏற்று இறக்குக் கூலி – வரவு 5,000

விளக்கக் குறிப்பில் மூன்று பழைய வவுச்சர்களின் எண்ணும் தேதியும், பில் எண்கள், கம்ப்ரசரின் சீரியல் நம்பர், ஓடத் தொடங்கிய நாள், தவறு எப்படித் தெரியவந்தது என்ற ஒரு வரி, ஒப்புதல் தந்தவரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். 'தவறு திருத்தம்' என்ற இரண்டே சொல்லோடு நிற்கும் ஜர்னல், ஆறு மாதம் கழித்து அதை எழுதியவருக்கே புரியாது.

இந்தப் பதிவு எதைத் தொடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். டீலரின் கணக்கைத் தொடவில்லை. அவருக்குத் தர வேண்டிய தொகை ஜூலையிலிருந்தே சரியாகத்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி லெட்ஜர்களைத் தொடவில்லை. வரி வரவும் சரியான மாதத்தில், சரியான தொகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. சிலர் சுத்தமாகச் செய்வதாக எண்ணி, ஜூலைக் கொள்முதலை முழுதாக எதிர்ப்பதிவு போட்டு ரத்து செய்துவிட்டு, அதே பில்லைச் செப்டம்பரில் சொத்தாக மறுபடி ஏற்றுகிறார்கள். அப்போது 61,200 ரூபாய் வரி வரவு செப்டம்பரில் இன்னொரு முறை தோன்றும். ரத்தான வரவு ஒரு பக்கம் குறையும். இணையதளம் தானாகத் தயாரிக்கும் ஜிஎஸ்டிஆர்-2பியில் அந்தப் பில் ஜூலையில் மட்டுமே இருப்பதால் இரண்டு மாதமும் ஒத்துப்போகாது. டீலரின் கணக்கிலும் அவர் அனுப்பாத பில்லும் அவர் அறியாத வரவும் உட்கார்ந்திருக்கும். எந்தக் கணக்கு தவறோ அதை மட்டும் தொட வேண்டும்.

அடுத்தது தேய்மானம். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பொதுவான இயந்திரங்களுக்குப் பயன்காலம் 15 ஆண்டு. எஞ்சிய மதிப்பாக வழக்கமாக 5 சதவீதம் வைப்பார்கள். நேர்கோட்டு முறையில் 3,60,000-இல் 95 சதவீதமான 3,42,000-ஐப் 15 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 22,800, மாதத்துக்கு 1,900. செப்டம்பர் மாதத்துக்குரிய 1,900-ஓடு, விட்டுப்போன ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் சேர்த்து 3,800 ரூபாயையும் இப்போதே எழுத வேண்டும். இதைத் தனி ஜர்னலாகப் போடுவது நல்லது.

இனி மூன்று மாத லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சரியாகக் கணக்கு வைத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் லாபம் 8,00,000 என்று கொள்வோம். ஜூலையில் 3,60,000 செலவாகப் போய், 1,900 தேய்மானம் போகாமல் விட்டதால், அறிக்கையில் வந்தது 4,41,900. ஆகஸ்டில் தேய்மானம் மட்டும் விட்டுப்போனதால் 8,01,900. செப்டம்பரில் 3,60,000 திரும்பி வந்து, பழைய தேய்மானம் 3,800 கழிந்ததால் 11,56,200. மூன்றையும் கூட்டினால் 24,00,000. காலாண்டு சரியாக வந்துவிட்டது. ஆனால் செப்டம்பரைத் தனியாகப் பார்ப்பவருக்கு அது பொய்யான மாதம். மெஷினரி ரிப்பேர் லெட்ஜரில் அந்த மாதத்தின் உண்மையான 45,000-க்கு எதிரே 3,40,000 வரவு விழுந்து, செலவு மைனஸ் 2,95,000 என்று நிற்கும். அதை அப்படியே இயக்குநர் கூட்டத்துக்கு அனுப்பினால், 'இந்த மாதம் நன்றாக ஓடியது' என்று தீர்மானித்து உற்பத்தி போனஸ் அறிவித்துவிடும் அபாயம் உண்டு. ஜூலையில் லாபம் பாதியாகக் குறைந்ததென்று ஒரு ஆர்டரின் விலையை ஏற்றிக் கேட்டு, அந்த ஆர்டரை இழந்திருக்கவும் கூடும்.

எனவே செப்டம்பர் அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: ஜூலையில் அறிவித்த லாபம் 4,41,900, திருத்தியது 8,00,000, காரணம் இன்னது, செப்டம்பரின் 11,56,200-இல் 3,56,200 ரூபாய் முந்தைய மாதங்களைச் சேர்ந்தது. புத்தகம் மாறாது, அறிக்கையில் மட்டும் திருத்திய ஜூலையும் ஆகஸ்டும் பக்கத்தில் நிற்கும். ஜூலை அறிக்கை யாருக்கெல்லாம் போனதோ அவர்கள் எல்லோருக்கும் இந்தப் பத்தியும் போக வேண்டும். வங்கிக்கு அனுப்பத் தயங்குவார்கள். லாபம் கூடியிருக்கிறது என்று சொல்லத் தயங்குவதில் பொருளில்லை.

சொத்துப் பதிவேட்டில் ஏற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஜர்னலின் தேதி செப்டம்பர் என்பதால், மென்பொருளின் சொத்துச் சேர்க்கை அறிக்கையில் கம்ப்ரசர் செப்டம்பரில் வாங்கியதுபோல் தெரியும். பதிவேட்டில் வாங்கிய நாளும் பயன்பாட்டுக்கு வந்த நாளும் ஜூலை 1 என்றே எழுத வேண்டும். நம் உதாரணத்தில் இதனால் வருமான வரியில் பெரிய மாற்றம் வராது. ஆனால் தவறு நவம்பரில் தெரிந்து, ஜர்னலும் நவம்பரில் போட்டிருந்தால் வரும். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்கு வருமான வரியில் பாதித் தேய்மானம்தான். ஜூலை 1-இல் ஓடிய கம்ப்ரசருக்கு 15 சதவீதம், அதாவது 54,000 ரூபாய் கிடைக்கும். ஜர்னல் தேதியைப் பார்த்து நவம்பர் என்று எடுத்துக்கொண்டால் 27,000-தான். வரித் தணிக்கை அறிக்கையில் சேர்க்கைகளின் தேதியைக் கேட்கும்போது, பட்டியலை மென்பொருளிலிருந்து அச்செடுத்து ஆடிட்டரிடம் தருவதுதான் வழக்கம் என்பதால், இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

இனி, ஏற்றுமதி நிறுவனத்துக்கு இந்தத் தவறு உண்மையிலேயே கடிக்கும் இடத்துக்கு வருவோம். உள்நாட்டில் விற்கும் தொழிற்கூடத்துக்கு ஜிஎஸ்டியில் கவலை அதிகமில்லை. ஜிஎஸ்டிஆர்-3பியில் வரி வரவு மொத்தமாகத்தான் போகிறது. இப்போதைய முறையில் இயந்திரத்தின் வரியையும் முதல் மாதமே முழுதாக எடுக்கலாம். ஆகவே தாக்கலான படிவத்தில் தொகை மாறாது. ஆண்டு அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-9-இல்தான் உள்ளீடுகள், சேவைகள், மூலதனப் பொருள்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அங்கே சரியான வரிசையில் போட்டால் போதும். சொத்தின் மதிப்பை வரி நீங்கலாக ஏற்றியதும் சரிதான். வரிப் பகுதிக்கும் சேர்த்துத் தேய்மானம் கேட்டால் அந்த வரி வரவு கிடைக்காது என்று சட்டம் சொல்கிறது.

ஆனால் உறுதிமொழிக் கடிதம் தந்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்து, தேங்கிய வரி வரவைப் பணமாகத் திரும்பக் கேட்கும் நிறுவனத்தின் நிலை வேறு. திருப்பூரில் இப்படித் திரும்பக் கேட்பவர்கள் ஏராளம். ஜிஎஸ்டி விதி 89(4) தரும் சூத்திரத்தில் கணக்கிடப்படும் வரி வரவு, உள்ளீடுகளுக்கும் சேவைகளுக்கும் உரியது மட்டுமே. மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரி அதில் சேராது. மூலதனப் பொருள் எது என்பதையோ சட்டம் நிறுவனத்தின் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது: எந்தப் பொருளின் மதிப்பு கணக்கில் மூலதனமாக ஏற்றப்பட்டதோ அது. ரிப்பேரில் இருந்தவரை கம்ப்ரசர் உள்ளீடுபோல் தோற்றமளித்தது. ஜூலைக்கான திரும்பப்பெறும் விண்ணப்பத்தில் 61,200-உம் 2,700-உம் ஆக 63,900 ரூபாய் உள்ளே போயிருக்கும். செப்டம்பரில் ஜர்னல் போட்ட கணத்தில், புத்தகமே அந்த விண்ணப்பம் அதிகம் கேட்டது என்று சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இந்த ஒரு காரணத்தால் சிலர் ஜர்னலே போடாமல் விட்டுவிடுவதும் உண்டு. அது தவறு. பில்லில் உள்ள எச்எஸ்என் எண் விண்ணப்பத்தோடு இணைக்கும் பில் பட்டியலிலும் இருக்கிறது. 8414 என்ற எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு அது நூலோ துணியோ அல்ல என்று புரியும். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தால், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சரியான தொகைக்குப் புதிதாகத் தரலாம். பணம் வந்துவிட்டிருந்தால், ஏற்றுமதியின் விகிதப்படி கூடுதலாக வந்த பகுதியை டிஆர்சி-03 படிவத்தில் வட்டியோடு கட்ட வேண்டும். விற்றுமுதல் முழுவதும் ஏற்றுமதி என்றால் 63,900-உம் கட்ட வேண்டியதே. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நிவாரணம் இருக்கிறது. மின்னணுப் பணப் பேரேட்டிலிருந்து கட்டினால், அந்தத் தொகைக்குச் சமமான வரி வரவை அதிகாரி பிஎம்டி-03ஏ ஆணையின் வழியே நிறுவனத்தின் வரவுப் பேரேட்டில் திரும்பச் சேர்ப்பார். 2022 முதல் விதி 86(4பி) இதற்கு வழி செய்கிறது. பணமாகக் கிடைக்காதே தவிர, வரி வரவு அழிந்துபோகவில்லை. கட்டிங் வேஸ்ட் விற்பதற்கும் உள்ளூர் விற்பனைக்கும் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். நட்டம் வட்டி மட்டுமே, அதுவும் நாள் ஆக ஆகக் கூடும்.

இதே ஜர்னலை ஆடிட்டர் ஏன் புருவத்தை நெரித்துப் பார்க்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். செலவிலிருந்து சொத்துக்குத் தொகையை நகர்த்தும் பதிவு, லாபத்தை உயர்த்தும் பதிவு. 2002 ஜூனில் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனம் சுமார் 380 கோடி டாலர் செலவை முறையின்றிச் சொத்தாகக் காட்டியதை ஒப்புக்கொண்டது. பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளுக்குத் தந்த வாடகைச் செலவை, காலாண்டு முடிந்தபின் போட்ட ஜர்னல்களால் சொத்துக் கணக்குக்கு நகர்த்தியிருந்தார்கள். சிந்தியா கூப்பர் தலைமையில் இருந்த உள் தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது. அவர்கள் தேடியபோது அந்தப் பதிவுகளுக்கு ஆதாரக் காகிதங்கள் இல்லை. நம் கம்ப்ரசர் ஜர்னலும் வடிவத்தில் அதேதான்: மாதம் மூடிய பின் வருகிறது, செலவைக் குறைக்கிறது, சொத்தைக் கூட்டுகிறது. இரண்டையும் பிரிப்பது இணைத்திருக்கும் காகிதம் மட்டுமே. பில், உத்தரவாத அட்டை, பொருத்தி ஓட்டிய நாளில் டீலரின் மெக்கானிக் கையெழுத்திட்ட சர்வீஸ் தாள், மெஷினின் பெயர்ப் பலகையைச் சீரியல் நம்பர் தெரிய எடுத்த புகைப்படம். இவற்றை ஜர்னலோடு கோத்து வைத்தால் ஆடிட்டர் ஐந்து நிமிடத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

எந்தத் தொகைக்கு இந்தப் பாடு? 3,000 ரூபாய்க்கு வாங்கிய துளைபோடும் மெஷின் ரிப்பேரில் போனால் அதை அப்படியே விட்டுவிடலாம். பழைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5,000 ரூபாய் வரையுள்ள சொத்தை முதல் ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க வழி இருந்தது. இப்போதைய அட்டவணையில் அப்படி ஒரு வரம்பு இல்லை. நிறுவனமே தன் அளவுக்கு ஏற்ற ஒரு தொகையைக் கொள்கையாக எழுதிவைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். தவறு தெரிந்த பிறகு வசதிப்படி வரம்பைத் தீர்மானிப்பது கொள்கை ஆகாது.

கடைசியாக, தவறு அதே ஆண்டுக்குள் தெரியாமல் போனால் என்ன செய்வது? மார்ச் முடிந்து, கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் சிக்கலில்லை. மார்ச் 31 தேதியிட்ட ஜர்னலில் மேலே சொன்ன அனைத்தையும் செய்துவிடலாம். கையெழுத்தாகி, பங்குதாரர் கூட்டமும் முடிந்த பிறகு தெரிந்தால், அந்த ஆண்டின் புத்தகத்தைத் திறக்க முடியாது. பழைய கணக்கியல் நியமங்களைப் பின்பற்றும் சிறிய கம்பெனி, நியமம் 5-இன்படி அதைத் தெரியவந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் 'முந்தைய காலத்துக்குரியது' என்று தனி வரியில் காட்டும். இந்திய ஏஎஸ் பின்பற்றும் பெரிய கம்பெனி, தவறு குறிப்பிடத்தக்க அளவு என்றால், ஒப்பீட்டுக்காகத் தரும் போன ஆண்டு எண்களையே திருத்தி அச்சிட வேண்டும்.

வருமான வரியில் அந்தச் சலுகையும் இல்லை. போன ஆண்டு அறிக்கையில் 3,60,000 ரூபாய் செலவாகக் கழிந்திருக்கிறது. கழிந்திருக்க வேண்டியது 54,000 தேய்மானம் மட்டுமே. 3,06,000 ரூபாய் வருமானம் குறைத்துக் காட்டப்பட்டுவிட்டது. இந்த ஆண்டுப் புத்தகத்தில் திரும்பி வரும் தொகையை இந்த ஆண்டு வருமானமாகக் காட்டி வரி கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வரித்துறைக்கு ஒவ்வொரு ஆண்டும் தனித்தனி. இந்த ஆண்டு கூடுதலாகக் கட்டியது போன ஆண்டின் குறைவை மூடாது. திருத்திய அறிக்கை தரக் கெடு இருந்தால் அதைத் தர வேண்டும். கெடு முடிந்திருந்தால், கூடுதல் வரியோடு தரும் புதுப்பித்த அறிக்கையே வழி. அதில் சொத்தின் எஞ்சிய மதிப்பை 3,06,000 என்று நிறுவிக்கொண்டால்தான், அடுத்த ஆண்டின் தேய்மானமாக 45,900 ரூபாய் கேட்க முடியும்.